ஜூன் ஏழா, ஜூலை ஆறா

இதை எழுத வேண்டும் என்று தோன்றிப் பல வருடம் ஆகிவிட்டது. ஒவ்வொரு கிருத்திகைக்கும் விரதம் இருக்கும்போது, இந்த மாதம் எழுதிவிடுகிறேன் முருகா என்று சொல்லுவேன். பிறகு தள்ளிப் போட்டுவிடுவேன். என்னைப் பற்றி நல்லவிதமாகச் சொல்ல இதில் ஒன்றுமில்லை என்பதுதான் காரணம்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்களில், அருள்புரத்தில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்களிடமிருந்து வரும் மெயிலைப் படித்து, ஆர்டரைத் தாளில் எழுதித் தொழிற்சாலைக்குக் கொடுப்பது, அங்கே நடப்பதைத் திரும்ப மெயிலில் எழுதுவது, இதுதான் வேலை. நான் பன்னிரண்டாம் வகுப்பு வரைதான் படித்தவன். என் ஆங்கிலம், பழைய மெயில்களைப் பார்த்து அப்படியே எழுதிப் பழகிய ஆங்கிலம். அதை யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்ற பயம் எப்போதும் உள்ளே இருந்தது.

புரொடக்‌ஷன் மேனேஜர் தெற்கே திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கட்டிங் முதல் பெட்டி கட்டுவது வரை அவர் பொறுப்பு. நான் அவரை அண்ணாச்சி என்பேன். என் நெற்றிப் பட்டையைப் பார்த்து அவர் என்னைச் சாமியாரே என்பார்.

அதுவரை எங்கள் பையர்கள் எல்லோரும் ஐரோப்பாக்காரர்கள். நம்மைப் போலவே தேதியை முன்னாலும் மாதத்தைப் பின்னாலும் எழுதுவார்கள். ஒரு வருடம் முதல் தடவையாக அமெரிக்காவிலிருந்து ஓர் ஆர்டர் வந்தது. குழந்தைகளுக்கான டி-ஷர்ட். பெரிய ஆர்டர். இதைச் சரியாக அனுப்பினால் வருடம் முழுக்க வேலை இருக்கும் என்று முதலாளி சொன்னார். அதை நம்பி அண்ணாச்சி தன் ஊரிலிருந்து பதினெட்டுப் பேரைக் கூட்டி வந்து, பெருமாநல்லூர்ப் பக்கம் இரண்டு வீடு வாடகைக்குப் பிடித்துத் தங்க வைத்தார். அவர்களில் பாதிக்கு மேல் அவர் சொந்தக்காரர்கள்.

ஆர்டரில், சரக்கு தொழிற்சாலையை விட்டுக் கிளம்ப வேண்டிய தேதி 06/07 என்று இருந்தது. நான் ஜூலை ஆறு என்று படித்தேன். பெரிய விஷயங்களை மெயிலில் உறுதி செய்துகொள்வது எங்கள் வழக்கம். அதையும் செய்தேன். ‘கிளம்பும் தேதி 06/07, உறுதி செய்யவும்’ என்று எழுதினேன். மறுநாள் காலையில் பதில் இருந்தது: ‘06/07 உறுதி.’ இரண்டு பக்கமும் அதே நாலு எண்ணை எழுதிவிட்டு நிம்மதியாக இருந்தோம். நான் ஜூலை ஆறை உறுதி செய்தேன். அவர்கள் ஜூன் ஏழை உறுதி செய்தார்கள். அமெரிக்காவில் மாதத்தைத்தான் முன்னால் எழுதுவார்கள்.

இது தெரியாமல் நடந்தது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் மே மாதம் நடுவில் இன்னொரு மெயில் வந்தது. பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்திய விற்பனைக்கான சரக்கு இது, ஜூலை மூன்றாம் வாரம் கடைகளில் இருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தார்கள். தூத்துக்குடியிலிருந்து கப்பலில் போய்ச் சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். ஜூலை ஆறாம் தேதி கிளம்பினால் அது எப்படி ஜூலையிலேயே கடைக்குப் போகும்? விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். தேதியை நான் மாற்றிப் படித்திருக்கிறேன் என்று புரிந்தது.

ஜூன் ஏழா, ஜூலை ஆறா என்று மாதத்தின் பெயரை எழுத்தில் போட்டு ஒரு வரி கேட்டிருந்தால் போதும். கேட்டால், தேதிகூடப் படிக்கத் தெரியாதவன் என்று நினைப்பார்களே என்று கூச்சம். முதலாளிக்கும் அந்த மெயிலின் நகல் போகும். அன்று சாயங்காலம் கோயிலுக்குப் போய்ச் சூடம் கொளுத்தி, எல்லாம் நல்லபடியாக நடக்கட்டும் அப்பனே என்று வேண்டிக்கொண்டு வந்துவிட்டேன். நான் எழுத வேண்டிய ஒரு வரியைச் சாமி தலையில் கட்டினேன்.

ஜூன் எட்டாம் தேதி காலை கம்ப்யூட்டரைத் திறந்தேன். அமெரிக்காவிலிருந்து மெயில்: ‘சரக்கு ஜூன் ஏழாம் தேதி கிளம்பியிருக்க வேண்டும். கப்பல் கம்பெனிக்கு ஒரு பெட்டிகூட வரவில்லையாம். என்ன ஆயிற்று?’ அப்போது எங்கள் துணி பாதி இன்னும் சாயப்பட்டறையில் கிடந்தது.

முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

“ஏப்பா, என்னதானப்பா ஆச்சு?”

“தேதியில கொஞ்சம் கொளறுபடி ஆயிப் போச்சுங்க.”

“கொளறுபடியா? என்னத்தையாச்சும் எழுதிச் சமாளிப்பா. புரொடக்‌ஷன் லேட்டுன்னு எழுது. அண்ணாச்சிகிட்ட நான் பேசிக்கிறன்.”

அப்படியே எழுதினேன். எவ்வளவு சரக்கை விமானத்தில் அனுப்ப முடியும், வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டுக்குள் சொல்லுங்கள் என்று பதில் வந்தது. யாருடைய பன்னிரண்டு மணி என்று அப்போதுதான் முதல் முறையாகக் கேட்டேன். நியூயார்க் நேரம், உங்களுக்கு இரவு ஒன்பதரை என்று மரியாதையாகவே பதில் எழுதினார்கள். கேட்டதால் யாரும் என்னைக் கேவலமாக நினைக்கவில்லை. ஆனால் அனுப்ப முடிந்தது மிகவும் குறைவு. திங்கட்கிழமை ஆர்டரை ரத்து செய்துவிட்டார்கள்.

அண்ணாச்சி என் மேசைக்கு வந்தார். கையில் நான் எழுதிக் கொடுத்த தாள். அதில் ஜூலை ஆறு என்று என் கையெழுத்திலேயே இருந்தது.

“என்ன சாமியாரே, தாள்ல ஒண்ணு இருக்கு, மொதலாளி ஒண்ணு சொல்லுதாரு. நான் லேட்டாம்லா?”

நான் தலையைத் தூக்கவில்லை. “பையரு தேதிய முன்னாடி இழுத்துப்போட்டாங்க அண்ணாச்சி.”

“இழுத்தான்னா எப்பம் சொன்னான்?”

“இப்பத்தானுங்க.”

“வெளங்காத பயலுவ. ஒரு மூணு வாரம் முன்னால சொல்லியிருந்தாம்னா, ராவும் பகலும் தைச்சு முடிச்சிருப்பம்லா. எம் பயலுவ தூங்கவே மாட்டானுவளே.”

மூன்று வாரம். மே மாத மெயில் வந்த அன்றே நான் கேட்டிருந்தால், ஜூன் ஏழுக்குச் சரியாக அத்தனை நாள் இருந்தது. அந்த மெயிலின் தாள் என் மேசை டிராயரில், அவர் கைக்கு எட்டும் தூரத்தில் கிடந்தது.

அடுத்த வாரம் பதினெட்டுப் பேரும் மூட்டையோடு பழைய பஸ் ஸ்டாண்டில் நின்றார்கள். வழியனுப்பப் போனேன். அதில் ஒரு பெண், “ஒங்க மேல எங்களுக்கு வருத்தம் இல்லண்ணே” என்று அண்ணாச்சியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த மாதக் கடைசியில் முதலாளி அவரையும் நிறுத்திவிட்டார். போகும்போது என் தோளைத் தட்டி, “சாமியாரே, எனக்கும் சேத்து ஒரு சூடம் கொளுத்தும்” என்றார். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. அவர் ஊரில் விசாரித்தேன், வடக்கே எங்கோ போய்விட்டார் என்றார்கள்.

அதிலிருந்து நான் எந்த மெயிலிலும் மாதத்தை எண்ணில் எழுதியதில்லை. எழுத்தில் ஜூலை, வருடம் நாலு இலக்கம். மணி எழுதினால் இந்திய நேரமும் அவர்கள் நேரமும் இரண்டும். டாலர் என்றால் அமெரிக்க டாலரா, கனடா டாலரா. அளவு என்றால் இஞ்சா, சென்டிமீட்டரா. ஜெர்மனிக்காரர் 1.500 என்று எழுதினால் அது ஆயிரத்து ஐந்நூறா, ஒன்றரையா என்று கேட்டுவிடுவேன். சக ஆட்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஆனால் இதெல்லாம் அண்ணாச்சிக்கு ஒன்றும் செய்யாது. கிருத்திகைதோறும் அவர் பேருக்கும் ஒரு சூடம் கொளுத்துகிறேன். அதனால் மனசு ஆறியதில்லை.

படிக்கிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். மெயில் எழுதும் வேலையில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். அண்ணாச்சி எங்கிருந்தாலும் அவர் காதுக்கும் போகட்டும். ஆனால் எனக்காக எதையும் மாற்றிச் சொல்ல வேண்டாம். பாவம், அவனுக்குத் தெரியாது என்று சேர்க்க வேண்டாம், மே மாதமே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த 06/07-ஐயும் நான் எழுதியபடியே எண்ணில் விட்டுவிடுங்கள்.