நாலு பேருக்கு அஞ்சு பெயர்

அஸ்தம்பட்டியில் எங்கள் நாளிதழ் அலுவலகத்தில் படக்குறிப்பு எழுதுவது என் வேலை. படத்தில் இருப்பவர் யார், எங்கே, எதற்காக நிற்கிறார் என்று இரண்டு வரியில் சொல்ல வேண்டும். பக்கத்தில் உள்ள செய்தியோடு அது ஒத்துப்போகவும் வேண்டும். இதைக்கூடச் சொதப்ப முடியுமா என்று கேட்காதீர்கள். முடியும், நான் செய்திருக்கிறேன்.

மேச்சேரியில் ஆட்டுக் கண்காட்சி. முதல் பரிசு வாங்கியது ஒரு பெண் வளர்த்த கிடா. நிருபர் அனுப்பிய படத்தில் ஐந்து பேர். இடது ஓரத்தில் ஒன்றியப் பிரமுகர், வலது ஓரத்தில் கிடாவைப் பிடித்தபடி அந்தப் பெண். ‘இடமிருந்து வலமாக’ என்று போட்டு ஐந்து பெயர்களையும் அழகாக எழுதிவிட்டேன். பிறகுதான் விளம்பரம் ஒன்று வந்தது. படம் சுருங்கியாக வேண்டும். பிரமுகரை வெட்டினேன். குறிப்பை அப்படியே விட்டேன்.

மறுநாள் சாயங்காலம் தொலைபேசி.

“ஏனுங்க, பேப்பர் ஆபீசுங்களா? என்னைய ஆட்டு டாக்டராக்கிப் போட்டீங்களே! தெருவே டாக்டரம்மா, டாக்டரம்மான்னு சிரிக்குதுங்க.”

பேப்பரைப் பிரித்தேன். ஆளுக்கு ஓர் இடம் பெயர் நகர்ந்திருந்தது. அவருக்குக் கால்நடை மருத்துவரின் பெயர். அவருடைய பெயருக்கு ஆளே இல்லை. வெட்டுப்பட்ட பிரமுகர் மட்டும் புகார் சொல்லவில்லை. பெயர் முதலில் வந்ததே, அது போதும் அவருக்கு.

நானும் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

“பாப்பா பள்ளிக்கூடத்துக்குப் பேப்பர எடுத்துக்கிட்டுப் போனாளுங்க. கூடப் படிக்கற புள்ளைக எல்லாம் இது உங்கம்மா இல்ல, பொய் சொல்றேன்னுட்டாங்களாம். அழுதுக்கிட்டு வந்திருக்கறா.”

எனக்கு முகம் சுருங்கிப்போனது.

“நாளைக்குத் திருத்தம் போட்டுடறோம்மா.”

“படத்தோட போடுங்க. வெறும் பேரு மட்டும் போட்டா யாருன்னு தெரியுமுங்களா?”

எங்கள் பத்திரிகையில் திருத்தம் என்றால் மூலையில் மூன்று வரி, படமெல்லாம் கிடையாது. தலைமை உதவி ஆசிரியர் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். “திருத்தத்துக்குப் படமா? நாளைக்கு ஆட்டுக்கும் கேப்பாங்க.” குறிப்பைப் படித்து முகத்தைப் பார்ப்பவருக்குத் தப்பான ஆள் தெரிந்தால் தப்பு படத்தில்தானே இருக்கிறது, அதைப் படத்தில்தான் சரிசெய்ய வேண்டும் என்று மல்லுக்கட்டினேன். ஒற்றைப் பத்தி அகலத்தில் படத்துக்கு இடம் கொடுத்தார். மற்ற எல்லோரையும் வெட்டிவிட்டு அவரையும் கிடாவையும் மட்டும் வைத்தேன். அச்சுக்குப் போகும் முன் படத்தையும் குறிப்பையும் விரல் வைத்து ஒப்பிட்டேன். ஒரே ஓர் ஆள்தான், இருந்தாலும்.

மறுநாள் அவரே அழைத்தார்.

“பேப்பரு வந்ததுங்க. நான் பாக்கறதுக்குள்ள பாப்பா பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கிட்டு ஓடிட்டா. என்ன போட்டீங்க, படிங்க கேப்போம்.”

படித்தேன். கண்காட்சியில் முதல் பரிசு வென்ற கிடாவுடன், அதை வளர்த்த இன்னார் என்று அவர் பெயரைச் சொன்னேன்.

“இன்னொருக்கா படிங்க.”

படித்தேன். நான் எழுதியதை இரண்டாம் முறை படிக்கச் சொன்ன ஒரே வாசகர் அவர்தான்.