விண்ணப்பத்தில் இல்லாத மூன்று மாதம்

நாலு வருசத்துக்குள் நாலு கம்பனி. கலியாண வீடுகளில் என்னைக் கண்டால், "புள்ள, இந்த மாசம் எங்க வேல?" என்று கேட்பது எங்கள் சொந்தக்காரருக்கு ஒரு பழக்கமாகவே போய்விட்டது. நானும் சிரித்துக்கொண்டு ஏதாவது சொல்லிவிடுவேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் கோபம் வரும். எனக்குக் கோபம் எப்போதும் ஒரு பஸ் பிந்தித்தான் வரும்.

எனக்குத் தெரிந்த தொழில் தரப் பரிசோதனை. பால், அரிசி, தண்ணீர், எதைக் கொண்டுவந்து தந்தாலும் அளந்து பார்த்துப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பம் வைப்பேன். முதல் வேலை ஒரு பால் சேகரிப்புத் திட்டத்தில். பதினொரு மாதத்தில் திட்டம் முடிந்தது, வேலையும் முடிந்தது. இரண்டாவது, அக்கரைப்பற்றுப் பக்கம் ஓர் அரிசி ஆலை. உரம் கிடைக்காமல் நெல் வரத்துக் குறைந்த போகத்தில் ஆட்களைக் குறைத்தார்கள், எட்டாம் மாதத்தில் என் பெயரும் அந்தப் பட்டியலில் இருந்தது. நாலாவது, போத்தல் தண்ணீர்க் கம்பனி ஒன்றில் பிரசவ லீவில் போன ஒருத்தியின் இடத்துக்கு ஐந்து மாதம். அவள் திரும்பி வந்தாள், நான் எழும்பினேன்.

மூன்றாவதை வேண்டுமென்றே கடைசியாகச் சொல்கிறேன். விண்ணப்பம் எழுதிய அன்றைக்கும் அதை இப்படித்தான் பின்னால் தள்ளிப் பார்த்தேன்.

கொழும்பில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலை. எனக்குக் கிடைத்ததிலேயே பெரிய வேலை. வெள்ளைக் கோட்டும் தொப்பியும் போட்டு, கண்ணாடிக் கதவு வைத்த ஆய்வுகூடத்துக்குள் போகும்போது நடையே மாறிவிடும். சேர்ந்து மூன்றாம் மாதம் வாப்பா மவுத்தானார். உம்மா இத்தாவில் இருந்தா. புருசன் மவுத்தானவள் நாலு மாதமும் பத்து நாளும் அவசியமில்லாமல் வாசல் தாண்டக்கூடாது. வாப்பா ஒரு பாடசாலையில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய ஓய்வூதியத்தை உம்மாவின் பெயருக்கு மாற்ற வேண்டும், மரணச் சான்றிதழ் எடுக்க வேண்டும், பிரதேச செயலகத்துக்கு நடக்க வேண்டும். எனக்கு மூத்த ஆண்பிள்ளைகள், காக்காமார், இரண்டு பேர். எங்கள் பக்கத்து வழக்கப்படி ஆண்பிள்ளைகள் கலியாணம் முடித்தால் பெண்டாட்டி வீட்டுக்குப் போய்விடுவார்கள், வீடு மகளுக்கு. ஒரு காக்கா கட்டாரில், மற்றவர் மருதமுனையில் மாமி வீட்டில். வீடும் உம்மாவும் என்னோடு.

நாலு மாதம் சம்பளமில்லாத லீவு கேட்டேன். ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடியாதவர்களுக்கு அப்படி லீவு கொடுக்க வழி இல்லை என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள். இரண்டு கிழமை முன்னறிவித்தல் கொடுத்து, பதிவேடுகளையெல்லாம் முடித்து, பக்கத்து மேசைப் பிள்ளையிடம் ஒப்படைத்துவிட்டு ஊருக்கு வந்தேன். பஸ் மகியங்கனை தாண்டும்வரை அழுதேன். வாப்பாவுக்காக எவ்வளவு, வேலைக்காக எவ்வளவு என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

இது நடந்து ஒன்றரை வருசத்தில், சம்மாந்துறையில் புதிதாகத் திறந்த அரிசிமாத் தொழிற்சாலைக்கு ஆள் கேட்டார்கள். நிரந்தர வேலை. எங்கள் சாய்ந்தமருது வீட்டிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம். உம்மாவை விட்டுப் போகாமலே என் தொழிலைச் செய்ய இப்படி ஒரு வாய்ப்பு இன்னொரு முறை வராது என்று எனக்குத் தெரியும்.

விண்ணப்பத்தை அச்சடிக்கச் சந்தியில் உள்ள கொமியுனிகேஷன் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஊரில் பாதிப் பேருடைய விண்ணப்பத்தைத் தட்டியவர். என்னுடையதைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"தங்கச்சி, இந்த மூணு மாசத்தப் போடாதீங்க. தகுதிகாண் காலத்துல தூக்கிட்டாங்க எண்டுதான் வாசிக்கிறவன் நினைப்பான். ஆலையில மார்ச் வரைக்கும் எண்டிருக்கிறத டிசம்பர் வரைக்கும் இழுத்துப் போடுவம். ஒன்றரை வருசமா நிண்ட மாதிரி இரிக்கும்."

"கடிதம் கேட்டா?"

"வீட்ட இரிக்கி எண்டு சொல்லுங்க. ஆரு தேடி வாற?"

அவருடைய விரல் தட்டியது, சம்மதித்தது நான். வீட்டுக்கு வந்து என் சான்றிதழ்க் கோவையிலிருந்து ஆலைக் கடிதத்தையும் பிஸ்கட் கம்பனிக் கடிதத்தையும் உருவி அலுமாரியில் புடவைகளுக்கு அடியில் வைத்தேன்.

நேர்முகத்துக்கு முதல் நாள், அஸர் தொழுதுவிட்டு உம்மா குசினியில் இறால் உரித்துக்கொண்டிருந்தா. நான் எதிரே பலகையில் இருந்து பாடம் ஒப்புவித்தேன்.

"ஏன் ஆலைய விட்டீங்க எண்டு கேப்பாங்க உம்மா. அந்த முதலாளிக்கு ஆக்கள வெச்சிப் பாக்கத் தெரியா, ஒரு கிழமைக்கு முன்னுக்குச் சொல்லவுமில்ல, நான் மட்டுமா, ஏழு பேர..."

"முதலாளியக் குறை சொல்லாத" என்றா உம்மா, இறாலிலிருந்து கண்ணை எடுக்காமல். "நாளைக்கு நம்மளயும் இப்பிடித்தானே சொல்லித் திரிவாள் எண்டு நினைப்பாங்க. நெல்லு இல்ல, ஆளக் குறைச்சாங்க. அவ்வளவுதான் கத."

ஒரு வேலைக்கு ஒரு வசனம் என்று நாங்கள் முடிவு செய்தோம். ஏன் முடிந்தது, அங்கே எதைச் செய்து முடித்தேன், அதற்கு மேல் வாயை மூடுவது. மூடுவதுதான் எனக்குக் கஷ்டம். பால், ஆலை, தண்ணீர் என்று மூன்றையும் சொல்லி முடித்தேன்.

"கொழும்பச் சொல்லல்லியே."

"அது வேணா உம்மா. மூணு மாசந்தானே."

உம்மாவின் விரல்கள் நின்றன. பிறகு மறுபடியும் உரிக்கத் தொடங்கினா. "அது என்னால போன வேல" என்று மட்டும் சொன்னா. எழும்பிப்போய் அவவின் பக்கத்தில் இருந்து நானும் இறால் உரித்தேன்.

நேர்முகம் கல்முனையில், ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் நடந்தது. இரண்டு பேர் இருந்தார்கள். ஆட்களைத் தெரிவு செய்யும் ஆளணிப் பொறுப்பாளர் மட்டக்களப்பைச் சேர்ந்த தமிழ்ப் பெண். மற்றவர் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டு மேலாளர், தமிழ் நன்றாகப் பேசும் சிங்களவர். கோவையைக் கேட்டார்கள், கொடுத்தேன். அந்தப் பெண் தாள்களைப் புரட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றா. பின்னால் ஒரு பக்கம் போனா, திரும்பவும் முன்னால் வந்தா.

"தங்கச்சி, ஆலைக் கடிதத்தில மார்ச் எண்டிருக்கு. நீங்க டிசம்பர் எண்டு போட்டிருக்கிறீங்க. இந்த பிஸ்கட் கம்பனி விண்ணப்பத்திலயே இல்ல. இது என்ன?"

புடவைக்கு அடியில் இருக்க வேண்டிய இரண்டு கடிதமும் அவவின் கையில் இருந்தன. திகதி வரிசைப்படி வேறு அடுக்கியிருந்தது. அப்படி அடுக்குகிற கை எங்கள் வீட்டில் ஒன்றுதான்.

முதலில் நாக்கு நுனிக்கு வந்தது கடைக்காரர்தான். அவரை இழுத்துவிட்டால் தப்பலாம். ஆனால் முதலாளியைக் குறை சொல்லாதே என்ற உம்மாவின் குரல் இன்னும் காதில் இருந்தது.

"விண்ணப்பந்தான் பிழை. கடிதங்கள் சரி" என்றேன். "மூணு மாசத்தப் பாத்தா நிலையில்லாத ஆள் எண்டு நினைப்பீங்க எண்டு பயந்து மறைச்சிட்டன்."

மேலாளர் என் விண்ணப்பத்தை என் பக்கம் தள்ளி ஒரு பேனையைத் தந்தார். "அப்ப, சரியானத எழுதுங்க."

டிசம்பர் என்பதன் மேல் ஒற்றைக் கோடு இழுத்தேன். கோட்டுக்குக் கீழே பழைய எழுத்துத் தெரிந்தது. பக்கத்தில் மார்ச் என்று எழுதி, என் சுருக்கொப்பம் வைத்து, அன்றைய திகதியும் போட்டேன். கீழே இடம் பார்த்து பிஸ்கட் கம்பனியை எழுதி, அதற்கும் ஒப்பமும் திகதியும் வைத்தேன். யோசித்துச் செய்யவில்லை. பரிசோதனைப் பதிவேட்டில் பிழை வந்தால் அழிக்கவும் கூடாது, வெள்ளை மை பூசவும் கூடாது. பிழையும் தெரிய வேண்டும், திருத்தியவர் யார் என்றும் தெரிய வேண்டும். நாலு கம்பனியிலும் ஒரே விதி, கைக்குப் பழகிவிட்டது. நிமிர்ந்தபோது மேலாளர் அந்த ஒற்றைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். நாலில் இரண்டு, முடிகிற நாளையும் எழுதியே தந்த வேலை, அந்த நாள்வரை நின்றேன். ஒன்றில் ஆட்குறைப்பு. நானாக விட்டது ஒன்றே ஒன்று. வாப்பா மவுத்து, உம்மா இத்தாவில், வெளிவேலைக்கு வேறு ஆள் இல்லை. முன்னறிவித்தல் கொடுத்து, பதிவேடு முடித்து ஒப்படைத்தேன், அது கடிதத்திலேயே இருக்கிறது. அத்தோடு வாயை மூடினேன்.

"சகோதரங்கள் இல்லையா?" என்று கேட்டார் மேலாளர்.

நான் பதில் சொல்லுமுன் அந்தப் பெண் சொன்னா. "இருந்தாலும் சேர் இந்தப் பக்கம் அவங்க பெண்சாதி வீட்டிலதான் இருப்பாங்க. தாய் மகளோடதான்."

"இங்கயும் அப்படி ஒண்டு வந்தா?"

இந்தக் கேள்விக்கு நானும் உம்மாவும் பதில் தயாரித்திருக்கவில்லை.

"வீட்டில ஒண்டும் வராது எண்டு என்னால எழுதித் தர ஏலா சேர். ஆனா அண்டைக்கு நான் விட்டது வேலையில்ல, தூரம். இங்க இருபது நிமிஷம். காலையில உம்மாக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடுத்திட்டு வேலைக்கு வரலாம். அதுக்காகத்தான் விண்ணப்பிச்சன்."

நான் எழும்பும்போது அந்தப் பெண் மெதுவாகச் சொன்னா, "அடுத்த முறை எழுதினா ஒப்பந்த வேலைக்குப் பக்கத்தில ஒப்பந்தம் எண்டு போடுங்க. அரைவாசிக் கேள்வி வராது."

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுமுன்பே கேட்டேன். "ஏன் உம்மா அந்தக் கடிதங்கள வெச்சீங்க?"

உம்மா உடுப்பு மடித்துக்கொண்டிருந்தா. "வாப்பாட மவுத்துக்கும் என்ட இத்தாவுக்கும் நீ வந்து நிண்ட. அத புடவைக்குக் கீழ ஒளிச்சி வெச்சிருக்கிறாய். களவெடுத்த சாமான் மாதிரி. எனக்குப் பாத்திட்டிருக்க ஏலல்ல மகள்."

திகதியை இழுத்துப் போட்ட கதையை அப்போதுதான் அவவுக்குச் சொன்னேன். "அல்லாவே" என்று நெஞ்சில் கை வைத்தா. தன்னால் இந்த வேலையும் போய்விட்டது என்று அதன் பிறகு இரண்டு கிழமை உம்மா சரியாகச் சாப்பிடவில்லை.

பிறகு கடிதம் வந்தது. ஆறு மாதத் தகுதிகாண் காலம், அதன் பின் நிரந்தரம். உம்மா அதை வாங்கி, தன் கையாலேயே கோவையில் கடைசியாகச் செருகினா.

முதல் நாள் காலை தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டேன். உம்மா வாசல்வரை வந்து என் பர்தாவின் மடிப்பைச் சரிசெய்தா. சொல்ல ஏதோ இருந்தது. கேற்றைத் திறக்கும்போதுதான் சொன்னா.

"புள்ள, எனக்கு என்ன வந்தாலும் லீவு போடு. வேலைய விட்டிராத."

"ஓம் உம்மா" என்றேன். அது பொய் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.