வெறுங்கொக்கிகள் நான்கும் ஓர் ஊஞ்சலும்

ஐயா, அம்மணி,

எங்கள் வீட்டுக் கூடத்தின் மேல்தளத்தில் ஒன்றும் தொங்காத இரும்புக் கொக்கிகள் நான்கு இருக்கின்றன. வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு அவை எதற்கு என்று வினவுகிறார்கள். சரவிளக்கு மாட்டுவதற்காக விடப்பட்டவை என்று என் மகன் விடை பகர்கிறான். பதினோரு அடி அகலமுள்ள கூடத்துக்கு நான்கு சரவிளக்குகள் எதற்கு என்று திருப்பிக் கேட்கும் அளவுக்கு அறிவுள்ள விருந்தினர் எவரும் இதுவரை எங்கள் வாசலை மிதித்ததில்லை. ஆகவே உண்மையை நான் எழுதி வைக்கிறேன்.

நான் வாலாஜாபாத்தில் நெடுங்காலம் தையற்கடை நடத்தியவன். என் தமக்கை அதே தெருவில் இட்லிக் கடை நடத்தி வந்தாள். கணவர் மறைந்தபின் எவரிடமும் எதற்கும் அனுமதி கேட்டறியாதவள். முழங்கால்கள் தேய்ந்து, நான்கு கால் பிடிச்சட்டமாகிய வாக்கரைத் தள்ளிக்கொண்டு நடக்கும் நிலை வந்தபோதும் அவள் தனியாகவே இருந்தாள். ஒரகடத்தில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசராக இருக்கும் என் மகன் சேரப்பணஞ்சேரியில் வீடு கட்டத் தொடங்கியபோது, அவளை எங்களோடு வந்து இருக்கும்படி அழைத்தோம். அவள் விதித்த நிபந்தனை ஒன்றுதான்: "என் ரூம் கதவு கூடத்துல தொறக்கணும். நான் பாட்டுக்கு வருவேன், போவேன். எவனையும் கேட்டுக்கினு இருக்க மாட்டேன்." அவ்வாறே செய்கிறோம் என்று வாக்களித்து, கதவையும் வைத்தோம்.

பிறகு அந்தக் கதவுக்கு எதிரே ஊஞ்சல் வந்து சேர்ந்தது.

என் மகனுக்கு ஊஞ்சல் ஆசை எங்கிருந்து பிறந்தது என்று நான் அறியேன். ஆடம்பர வீடுகளின் படங்களைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருப்போருக்கு இவ்வகை ஆசைகள் சளியைப்போல் தொற்றிக்கொள்ளும். அவன் என்னை ஒரு பெரிய கடைக்கு அழைத்துச் சென்றான். அங்கே ஊஞ்சல்கள், எங்கள் முழு வீட்டையும் விழுங்கக்கூடிய ஒரு கொட்டகையில் தொங்கிக்கொண்டிருந்தன. அந்த இடத்தில் ஆறடிப் பலகை ஒரு தாம்பாளம்போல் சிறிதாகத் தெரிந்தது.

"நாலடி எடுத்தா தொட்டில் மாதிரி இருக்கும் சார். ஆறடிதான் கெத்து" என்றான் விற்பனையாளன். எங்கள் கூடத்தின் அளவை அவன் கேட்கவில்லை. கழுத்தின் சுற்றளவைக் கேளாமல் சட்டைக் காலரை வெட்டுகிறவனை என் கடையில் அரைநாள் வைத்திருக்க மாட்டேன். இவனுக்கோ கழுத்துப்பட்டை அணிவித்து நிறுத்தியிருக்கிறார்கள். ஆறடி நீளமும் இரண்டடி அகலமும் கொண்ட தேக்குப் பலகை ஒன்றும், யானையும் கிளியும் கோத்த பித்தளைச் சங்கிலிகள் நான்கும் வாங்கப்பட்டன.

மேல்தளம் போடுவதற்கு முன்பே கொக்கிகளை முறுக்குக் கம்பிகளோடு கட்டிக் கான்கிரீட்டில் புதைத்திருந்தார்கள். அந்த வேலையின் உறுதியில் நான் குறை கூற மாட்டேன். நான்கு யானைகளை, பித்தளை யானைகளை அல்ல, உயிருள்ளவற்றையே கட்டித் தொங்கவிட்டாலும் அவை தாங்கும். குற்றம் அவற்றின் திசையில் இருந்தது. கூடம் பதினோரு அடி அகலம், பதினாறு அடி நீளம். ஒரு நீளச் சுவரில் தொலைக்காட்சி. அதற்கு எதிர்ச் சுவரில் என் தமக்கையின் கதவு. ஊஞ்சலில் அமர்கிறவன் தொலைக்காட்சியைப் பார்க்க வேண்டுமாம். ஆகையால் ஊஞ்சல் கூடத்தின் நீளத்தில் ஆடாமல், குறுகிய அகலத்தில், தொலைக்காட்சிக்கும் தமக்கையின் கதவுக்கும் இடையே ஆடுமாறு கொக்கிகள் அமைந்துவிட்டன.

அதை மாட்ட வந்த தச்சருக்குத் தெரிந்த சொல் ஒன்றே. பலகை பெரிதாகத் தோன்றவில்லையா என்று நான் கேட்டேன்.

"சின்னதாக்கணுமா? பண்ணிடலாம் ஐயா."

"பெருசாவே இருக்கட்டும்ணே" என்றான் மகன்.

"அப்படியே வெச்சிடலாம் சார். பண்ணிடலாம்."

தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் பலகை தொங்கிற்று. அமர்ந்தால் கால் தரையைத் தொடவில்லை. உந்துவதற்குப் பிறர் உதவி தேவைப்பட்டது. ஊஞ்சல் என்பது அமர்ந்தவன் தன் கால்விரலாலேயே தள்ளி ஆடுவதற்கான பொருள். உயரம் தவறினால் அது தொங்கும் பரண்.

புதுமனை புகுவிழா அன்று உறவினர் யாவரும் கண்டது அந்தப் பரணைத்தான். பூஜையறையை எவரும் பார்க்கவில்லை. "செமையா கீது", "அரண்மனை மாதிரி கீது" என்று ஒருவர் மாற்றி ஒருவர் ஏறி அமர்ந்தனர். அரண்மனையை இவர்களில் எவரும் கண்டதில்லை; ஆயினும் ஒப்பிடுவதற்கு அது ஒரு தடையாக இருக்கவில்லை. நின்ற ஊஞ்சலுக்குப் பின்னால் மூன்றடி இடைவெளி இருந்தது. ஆடும் ஊஞ்சலோ அதைத் தன் பங்குக்கு எடுத்துக்கொண்டு, வாசற்படி வரை சென்று மீண்டது. ஆடுகிறவர்களின் முதுகில் கண் இல்லாததால், கதவைத் திறந்து வாக்கரோடு நின்ற என் தமக்கையை ஒருவரும் காணவில்லை. ஒருவர் இறங்க, அடுத்தவர் ஏறினார்.

"இன்னாடா இது, ரயில்வே கேட்டா?" என்று அவள் குரல் கொடுத்தாள். "கூட்ஸ் வண்டி மாதிரி ஒண்ணு பின்னாடி ஒண்ணா வந்துகினே கீறீங்க. எப்போதான் கேட்டைத் தொறப்பீங்க?"

அனைவரும் நகைத்தார்கள். நகைத்துக்கொண்டே ஆடினார்கள். இறுதியில் அவளது இலைச்சாப்பாடு ஒரு தட்டில் வைத்து அறைக்குள் அனுப்பப்பட்டது, காய்ச்சல்காரருக்கு அனுப்புவதுபோல. அன்று மாலை அவள் என்னை அழைத்து, "தம்பி, நான் வாலாஜாபாத்துக்கே போறேன். அங்க வாடகை வூடுதான். ஆனா வாசப்படி என்னுது" என்றாள். அவள் கோபத்தில் பேசுகிறவள் அல்லள். பெட்டியைக் கட்டிலின் மேல் எடுத்து வைத்திருந்தாள்.

நான் மகனிடம் பேசினேன். அவன் தீர்வோடு வந்தான். தொழிற்சாலைக்காரர்கள் எப்பொழுதும் தீர்வோடுதான் வருவார்கள். மறுநாள் மஞ்சள் நிற ஒட்டுநாடாச் சுருள் ஒன்றை வாங்கி வந்து, தன் நண்பனை ஊஞ்சலில் அமர்த்தி, காலை நீட்டச் சொல்லி, பலமாக ஆட்டி, முன்னும் பின்னும் அது சென்ற எல்லையைக் குறித்து, அந்த எல்லைமேல் தரையில் மஞ்சள் கோடு ஒட்டினான்.

"இது ஸ்விங் ஸோன்ப்பா. எங்க லைன்ல ரோபோட் கை சுத்துற இடத்துக்கு இப்படித்தான் டேப் போடுவோம். டேப்புக்குள்ள யாரும் போகக் கூடாது. ஸேஃப்டி."

குடியிருக்கும் வீட்டுக் கூடத்தில் மஞ்சள் கோடு ஒட்டிய குடும்பம் இந்தத் தொழிற்பேட்டையிலேயே எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். முன்புறக் கோட்டைத் தாண்டித் தொலைக்காட்சி மேசையை ஒட்டி ஒரு பூனை நடக்கலாம். பின்னால் இடம் ஒன்றுமே இல்லை. ஏனெனில் பின்புறக் கோடு தமக்கையின் வாசற்படி மேலேயே ஓடிற்று. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். இத்தனை பேர் ஆறடி, இரண்டடி என்று நிற்கும் ஊஞ்சலையே அளந்துகொண்டிருக்க, ஆடும் ஊஞ்சலை முதன்முதலில் அளந்தது அந்த அசட்டு நாடாதான்.

தமக்கை கதவைத் திறந்து கோட்டைக் குனிந்து பார்த்தாள்.

"அத்தை, லைன்ல நிக்காதீங்க" என்றான் மகன்.

"என் வாசப்படி உன் லைன்ல கீதுடா. உன் கம்பெனில அந்த ரோபோட்டு கூண்டுக்குக் கதவு கீதா?"

"இருக்கு அத்தை."

"அதைத் தொறந்தா இன்னா ஆவும்?"

"மெஷின் தானா நின்னுடும்."

"உள்ள போனவன் வெளிய வந்து கதவைச் சாத்துற வரைக்கும்?"

"நின்னுதான் இருக்கும்."

"அப்போ சரி" என்று கூறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். பெட்டி கட்டிலிலிருந்து கீழே இறங்கியது.

அதன்பின் நடந்ததை எண்ணும்போது இன்றும் எனக்கு ஒரு நிறைவு உண்டாகிறது. ஊஞ்சலில் எவரேனும் அமர்ந்த ஓசை கேட்டால் போதும், அவள் கதவு திறக்கும். வாக்கரின் முன்னங்கால்கள் மஞ்சள் கோட்டின்மேல் வந்து நிற்கும். "கதவு தொறந்து கீது" என்பாள். ஊஞ்சலைப் பிடித்து நிறுத்தியாக வேண்டும். அவள் அடுக்களைக்குச் சென்று, ஒரு மிடறு தண்ணீர் அருந்தி, தன் வேகத்தில் திரும்பி, கதவைச் சாத்துவாள். மீண்டும் கிறீச்சென்று சங்கிலி ஓசை எழும். மீண்டும் கதவு திறக்கும். என் மகன் தன் மேலதிகாரி ஒருவரைக் குடும்பத்தோடு அழைத்து, ஊஞ்சலைக் காட்டி மகிழ்ந்திருந்த ஞாயிற்றுக்கிழமையிலும் இதுவே நடந்தது. அந்த மனிதர் மஞ்சள் கோட்டையும், வாக்கரையும், நின்றுபோன ஊஞ்சலையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "என்னப்பா, உன் வீட்லயும் லைன் ஸ்டாப்பா?" என்று கேட்டார்.

உற்பத்தி லைன் நின்றுபோவதைவிடப் பெரிய அவமானம் அவர்களுடைய உலகில் இல்லை. தமக்கையின் வாசற்படி புரியவைக்காததை அந்த ஒரு கேள்வி புரியவைத்தது. தச்சரை மறுபடியும் அழைத்தான்.

"திருப்பி மாட்டணும்ணே. பலகையும் குறைக்கணும்."

"பண்ணிடலாம் சார். நானே அன்னைக்குச் சொல்லலாம்னு இருந்தேன்" என்றார் அந்த மகானுபாவர்.

ஆறடிப் பலகையை அப்படியே குறுக்கே திருப்பினால் பக்கத்துக்கு இரண்டரை அடிதான் எஞ்சும், வாக்கர் உரசும். ஆகவே இரு முனைகளிலும் சமமாக வெட்டி நாலரை அடியாக்கி, சங்கிலித் துளைகளை உள்ளே தள்ளிப் புதிதாக இட்டார்கள். புதைத்த கொக்கிகளைப் பெயர்க்க இயலாது. ஆதலால் கம்பியில் படாமல் தளத்தைத் துளைத்து, மாடியில் இரும்புத் தகடு வைத்து, கொக்கி வைத்த போல்ட்டுகளை மேலிருந்து இறக்கி முடுக்கி, மழைநீர் இறங்காதபடி பூசினார்கள். பலகைத் துளைகளுக்கு நேர்மேலே புதுக் கொக்கிகள் அமைந்ததால் சங்கிலிகள் சாயாமல் செங்குத்தாக இறங்கின. எவரும் அமருமுன் சிமெண்ட் மூட்டைகளை ஏற்றி வைத்துப் பார்த்தார்கள். பலகை முழங்கால் உயரத்துக்கு இறங்கிற்று. தொலைக்காட்சி குறுக்குச் சுவருக்குப் பெயர்ந்தது. ஊஞ்சல் இப்போது கூடத்தின் நீளத்தில், ஒரு பக்கச் சுவரை ஒட்டினாற்போல் ஆடுகிறது. கதவுப் பக்கம் ஐந்தடி வழி கிடைத்திருக்கிறது. சிறுத்த பலகைக்கு அந்த யானைகள் குழந்தைக்கு ஒட்டிய மீசைபோல் இருந்தமையால் கழற்றப்பட்டன. அவை கண்ணாடிப் பெட்டிக்குள் எவரையும் தாங்காமல் நிற்கின்றன. அவற்றுக்கு அதுவே ஏற்ற உத்தியோகம்.

பலகையில் வெட்டிய துண்டு ஒன்றைத் தமக்கை கேட்டு வாங்கிக்கொண்டு, தன் கதவு சாத்தாமலிருக்க அண்டை கொடுத்திருக்கிறாள். ஊஞ்சலில் அவள் அமர்வதில்லை. "அது மேல எனக்கு இன்னாத்துக்கு வேலை?" என்கிறாள். அதைத் தாண்டி அடுக்களைக்குப் போகிறாள், வருகிறாள். மஞ்சள் நாடாவை உரித்த இடத்தில் பசையின் கறை இன்னும் போகவில்லை. ஆடுகிறவர்கள் எவரும் அதைக் கவனிப்பதில்லை.

பழைய கொக்கிகள் நான்கும் மேலே இருக்கின்றன. என் காலத்துக்குப் பின்னும் இருக்கும். சரவிளக்குக் கதையும் அவற்றோடு நீடித்திருக்கும். ஆகவே இந்த எழுத்தை எறிந்துவிடாமல் வைத்திருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.