ஏரிக்குள் நின்ற வீடு

உத்திரமேரூரிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஷாரோன் பகுதிநேர ஓவிய ஆசிரியை. சொந்த ஊர் மாகறல். அப்பா அருள்தாஸ் கழனி வேலைக்குப் போகிறவர். ஷாரோன் பாடம் எடுப்பது வாரத்தில் பாதி நாள்தான். ஆனால் பள்ளியில் கோலம், பேனர், கரும்பலகை வாசகம் எதுவானாலும் அவள் தலையில்தான் வந்து விழும். அவளும் சிரித்துக்கொண்டே செய்வாள்.

அந்த வருட ஆண்டு விழாவுக்கு, ஏரியைத் தூர் வாரும் கதையை நாடகமாகப் போடலாம் என்றார் தலைமையாசிரியர் புருஷோத்தமன். வீடு, ஏரிக்கரை, கிராம சபை என்று மூன்று இடங்கள் மாறி மாறி வரும்.

"செலவுக்குப் பெருசா ஒண்ணும் இல்ல டீச்சர். கீறத வச்சி பாத்துக்கோங்க" என்றார்.

ஷாரோன் கம்பி கட்டிப் பழைய புடவைகளைத் திரையாகத் தொங்கவிட்டாள். முதல் ஒத்திகையிலேயே மானம் போயிற்று. புடவை கம்பியில் சிக்கிக்கொண்டது. பின்னால் பெஞ்சு இழுக்கும் சத்தம் ஊருக்கே கேட்டது. ஒரு காட்சி மாறி அடுத்தது வருவதற்குள், பார்த்துக்கொண்டிருந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் எழுந்து கபடி ஆடப் போய்விட்டார்கள்.

"பேஜாரா கீது டீச்சர். எல்லாத்தையும் ஒரே எடத்துல நடக்கற மாதிரி மாத்திடலாமா?" என்று கேட்டார் புருஷோத்தமன்.

"ஒரு வாரம் குடுங்க சார்" என்றாள். கையில் யோசனை எதுவும் இல்லாமலேதான் சொன்னாள்.

ஏரிப் படம் வரைவதற்காக உத்திரமேரூர் கடையொன்றில் பெரிய ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டிகளைக் கேட்டு வாங்கி வைத்திருந்தாள். எட்டாம் வகுப்பு மோகன்குமார் ஒரு பெட்டிக்குள் புகுந்துகொண்டு வராந்தாவில் நடந்து வந்தான். பெட்டி தானாக நடப்பதுபோல் இருந்தது. திட்ட வாயெடுத்த ஷாரோன் அப்படியே நின்றுவிட்டாள்.

"டேய், வெளிய வராத. அப்டியே சுத்து பாக்கலாம்!"

அன்றே வேலை தொடங்கியது. பெட்டியின் ஒரு பக்கத்தை வெட்டிவிட்டு, மீதி மூன்றையும் முக்கோணத் தூணாக மடித்தாள். மூலைகளில் துணிப் பட்டையை மைதாப் பசையால் ஒட்டி, உள்ளே மூங்கில் குச்சியைக் கட்டினாள். ஒரு முகத்தில் வீட்டுச் சுவர், ஒன்றில் ஏரி, ஒன்றில் சபைக் கூடம். சுண்ணாம்பு, செம்மண், துணிக்குப் போடும் நீலம் இவைதான் வண்ணம். நுணுக்கமாக எதையும் வரையவில்லை. கடைசி வரிசைக்குத் தெரிகிற மாதிரி பெரிய பெரிய உருவங்கள்.

இப்படி மூன்று தூண்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் ஒல்லிப் பையன். உள்பக்கம் ஒவ்வொரு முகத்திலும் எண் எழுதியிருந்தாள். மேளம் அடித்ததும் தூணை லேசாகத் தூக்கி, உரிய எண் பார்வையாளர் பக்கம் வரும்படி சுற்றி, தரையில் போட்ட சாக்பீஸ் கோட்டில் வைக்க வேண்டும். பையன் உள்ளேயே பிடித்திருப்பதால் காற்றுக்கும் சாயாது. பெஞ்சுகளை வெளியே கொண்டுபோகவே வேண்டாம். வீட்டில் கட்டில், கோணிப்பை போர்த்தினால் ஏரிக்கரை, எடுத்துவிட்டால் சபையில் இருக்கை. வசனத்தை விட்டுவிட்டு, மாற்றுவதை மட்டும் திரும்பத் திரும்பப் பழக்கினாள். கடைசியில் மேளம் ஓய்வதற்குள் இடம் மாறியது.

விழா அன்று ஊரே வந்திருந்தது. அருள்தாஸும் மாகறலிலிருந்து வந்து முன்னால் உட்கார்ந்திருந்தார். முதல் காட்சி முடிந்தது. மேளம் அடித்தது. ஓரத் தூண்கள் இரண்டும் ஏரியாக மாறின. நடுத்தூண் அசையவில்லை.

பேச்சுகளுக்காக மைக்செட்காரர் கடைசி நேரத்தில் இழுத்த ஒயர் தூணின் அடியில் மாட்டியிருந்தது. உள்ளேயிருந்த மோகன்குமார், "டீச்சர், வரமாட்டேங்குது!" என்று கிசுகிசுத்தான். பலமாக இழுத்தால் அட்டை கிழியும், மைக்கும் போகும். ஷாரோன் மேடை ஓரத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். ஏரி நடுவே ஒரு வீடு நின்றது.

அதற்குள் விவசாயி மனைவியாக நடித்த தமிழ்ச்செல்வி மேடைக்கு வந்துவிட்டாள். வீட்டைப் பார்த்தாள். கூட்டத்தைப் பார்த்தாள். இடுப்பில் கை வைத்தாள்.

"இன்னாடா இது? நேத்து வரைக்கும் தண்ணி நின்ன எடம். ராவோட ராவா எவன்டா வூடு கட்னது?"

கூட்டம் ஒரு நொடி திகைத்து, பிறகு வெடித்துச் சிரித்தது. "கேளு பாப்பா, நல்லா கேளு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

ஷாரோனுக்குச் சட்டென்று பிடிபட்டது. ஓரத்திலிருந்தே, "நாலு பேரும் சேந்து தூக்கித் திருப்புங்க. அடியில ஒயர் கீது, பாத்து!" என்றாள்.

தமிழ்ச்செல்வி, அந்தக் காட்சியில் தூர் வார வந்த மற்ற மூவரையும் கையசைத்துக் கூப்பிட்டாள். "வாங்க, ஏரிய மீட்கலாம்!" நால்வரும் தூணைப் பிடித்து ஒயருக்கு மேலே தூக்கினார்கள். உள்ளே மோகன்குமாரின் கால்களும் சேர்ந்து நடந்தன. வீடு மெல்லத் திரும்பி மறைந்தது. நீல ஏரி முன்னால் வந்தது. கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

விழா முடிந்ததும் புருஷோத்தமன் ஓடி வந்தார். "டீச்சர், அடுத்த மாசம் வட்டார விழாவுலயும் இதத்தான் போடறோம். அந்த வூட்ட மட்டும் மறக்காம நிக்க வச்சிடுங்க!"

பஸ்ஸுக்கு நடக்கும்போது அருள்தாஸ் மகளிடம், "அந்த வூட்ட தள்ளுனாங்க பாரு, அது நல்லா யோசிச்சி வச்சிக்கீறம்மா" என்றார்.

"அது யோசிச்சதில்ல நைனா. ஒயர்ல மாட்டிக்கிச்சி."

"போம்மா, யாருகிட்ட கத உடற?" என்று சிரித்தார் அவர். கடைசிவரை நம்பவே இல்லை.