மிஞ்சிய இரண்டு மூட்டை

எங்கள் சைட் எஞ்சினியர் மார்கரெட்டுக்குக் கேள்வி கேட்காவிட்டால் சோறு இறங்காது. உவரிக்காரப் பிள்ளை. முக்கூடலில் ஸ்வாமிநாதன் சார் வீடு கட்டும் வேலைக்கு நான்தான் அவளைச் சேர்த்தேன். வந்த அன்றே குழிக்குள் இறங்கி, "அண்ணாச்சி, ஃபுட்டிங் நாலடிதான். அடியில போடுத பெட் மட்டும் ஏன் அஞ்சடி?" என்றாள்.

ஃபுட்டிங் என்றால் தூணின் கான்கிரீட் பாதம்; பெட் அதற்கு அடியில் விரிக்கும் மெல்லிய கான்கிரீட். முப்பது வருஷமாகக் காண்ட்ராக்ட் எடுக்கிறேன், இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. கம்பி மண்ணில் படக்கூடாது, பலகை அடிக்கச் சமதளம் வேண்டும் என்று சமாளித்தேன். அவள் நோட்டை எடுத்தாள். பெட் அஞ்சடிக்கு அஞ்சடி, கனம் நாலே அங்குலம்: எட்டேகால் கன அடிக்குக் கொஞ்சம் மேலே. ஃபுட்டிங் ஓரடிக் கனம்: பதினாறு. "அளவு ரெண்டு மடங்குகூட இல்ல. சிமெண்ட் மட்டும் நாலு மடங்குக்கு மேல போகுதே!" என்று வியந்தாள்.

போகத்தானே செய்யும்? பெட்டுக்கு ஒரு பெட்டி சிமெண்ட், நாலு மணல், எட்டு ஜல்லி. பாரம் தாங்கும் ஃபுட்டிங்குக்கு ஒன்று, ஒன்றரை, மூன்று.

ஒருநாள் காலையில் பின்பக்கக் குழிகளுக்குப் பெட் போட்டு, பிறகு முன்பக்கம் நாலு ஃபுட்டிங் போட்டோம். கடைசி ஃபுட்டிங்கின்போது மார்கரெட் சாப்பிடப் போயிருந்தாள். மிக்சர் பக்கம் நான் நின்றேன்.

மறுநாள் அவள் சிமெண்ட் மூட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"குழிக்கு மூணரை வச்சுப் பதினாலு மூட்டை எடுத்து வச்சேன். ரெண்டு மிஞ்சிருக்கு."

"மிச்சம்தான பிள்ள, சந்தோஷப்படு."

"எப்படி மிஞ்சும் அண்ணாச்சி?"

ஆணியோடு குழிக்குள் இறங்கினாள். மூன்று ஃபுட்டிங்கில் கீறல்கூட விழவில்லை. நாலாவதன் பக்கவாட்டில் கீறியதும் மணல் பொலபொலவென்று உதிர்ந்தது. "கடைசியில எத்தன பெட்டி போட்டிய?" என்றாள்.

எனக்குச் சுரீரென்று உறைத்தது. காலையில் பெட்டுக்குச் சொன்ன கணக்கையே வாய்ப் பழக்கத்தில் சொல்லியிருக்கிறேன். நாலு மணல், எட்டு ஜல்லி. அதன் மேலே மாடியோடு ஒரு வீடு நிற்க வேண்டும்.

கோபம்தான் முதலில் வந்தது. "மண்ணப் போட்டு மூடுங்கலே!" என்று கத்தினேன். ஆட்கள் மண்வெட்டியை எடுத்தார்கள். மார்கரெட் குழியை விட்டு ஏறவில்லை.

"வேலைய விட்டு அனுப்பிருவேன்."

"அனுப்புங்க அண்ணாச்சி. ஆனா இது தாங்குமா? அத மட்டும் சொல்லிருங்க."

ஆட்களில் ஒருவனான மாரிராஜிடம் சம்மட்டியை வாங்கி நானே இறங்கினேன்.

பாதி உடைக்கையில் ஸ்வாமிநாதன் சார் வந்துவிட்டார். இடிந்து கிடந்ததைப் பார்த்து முகம் வெளிறி, மார்கரெட்டைப் பார்த்து, "யாரும்மா இப்படிப் பண்ணினது?" என்றார். எஞ்சினியர் அவள்தானே, நான் சும்மா இருந்தால் பழி அவள் தலையில் விழும்.

"நான்தான் சார். கலவக் கணக்கத் தப்பாச் சொல்லிட்டேன்," என்றேன்.