எங்கே என்று கேட்ட காலை

எனக்கு வயது எழுபத்து மூன்று. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். நாலு என் வயிற்றில் பிறந்தது, இரண்டு என் தம்பியுடையது. ஆறும் இன்றைக்கு யார் கையையும் எதிர்பார்க்காமல் நிற்கின்றன. அதில் என் பங்கு என்ன என்று நானே சொல்லிக்கொண்டால் நன்றாக இருக்காது, ஆரணியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எழுத்து எனக்குப் பெயர் போடுகிற அளவுக்குத்தான் வரும். பேச்சு அப்படியில்லை. டீக்கடைக்காரர் மகள் நான். யாரிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பதை அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்தே கற்றுக்கொண்டேன்.

எங்கள் கடை ஒரு கீற்றுக் கொட்டகை. முன்னால் அடுப்பும் பெஞ்சும். நடுவில் ஒரு சாக்குத் திரை. திரைக்குப் பின்னால் அப்பாவும் அம்மாவும் நானும். விடியற்காலையில் தறிக்குப் போகிற பாவைத் தெருவில் நீட்டுவார்கள். தெரு நீளத்துக்குப் பட்டு இழை, இரண்டு பக்கமும் ஆட்கள், ஆற்றுப் பக்கத்திலிருந்து வரும் பனி. அந்தப் பனியும் எங்கள் பாலின் ஆவியும் ஒன்றாகக் கலந்துவிடும். ஆட்கள் தெரிய மாட்டார்கள், இழை மட்டும் அந்தரத்தில் தொங்குவது போல இருக்கும். அந்தப் புகைக்குள்ளிருந்துதான் தினமும் ஒரு பெரியவர் வருவார். வெள்ளை வேட்டி, கக்கத்தில் குடை. மழைக்காலம் வெயில் காலம் என்றெல்லாம் அந்தக் குடைக்குக் கிடையாது.

கடைக்கு நேராக வந்ததும் நடையைக் கொஞ்சம் தளர்த்துவார். நிற்க மாட்டார்.

“என்னா, அடுப்பு பத்திகிச்சா?”

“பத்திகிச்சுங்க பெரியவரே.”

அவ்வளவுதான். குடை மறுபடி புகைக்குள் போய்விடும்.

அடுப்பு திகுதிகுவென்று எரிகிறது, பால் பொங்குகிறது, இதில் பற்றிக்கொண்டதா என்று என்ன கேள்வி என்று எனக்குத் தோன்றும். ஒரு நாள் அப்பாவிடம் கேட்டும்விட்டேன். “அவரு கண்ணு நல்லாத்தான் தெரியுது. கேக்கறதுக்குன்னு ஒண்ணு வேணுமில்ல” என்றார். பிறகு நானே கவனிக்க ஆரம்பித்தேன். நடந்து போகிறவர்தான் முதலில் பேச வேண்டும். கடையில் இருக்கிறவன் முந்திக்கொண்டால் வியாபாரத்துக்குக் கூப்பிடுகிறான் என்றாகிவிடும். கேட்பது கண்ணுக்குத் தெரிகிற விஷயமாக இருக்க வேண்டும். குளித்து ஈரத் துண்டோடு வருகிறவரிடம் “குளிச்சாச்சா”, சோற்றுத் தூக்கோடு போகிறவரிடம் “வேலைக்கா”. பதிலும் கேள்விக்குள்ளேயே இருக்கும், அதைத் திருப்பிக் கொடுத்தால் போதும். ஒருவர் நின்றுவிட்டால்தான் விஷயம் இருக்கிறது என்று அர்த்தம். வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்பது அடுத்த படி. உறவும் பழக்கமும் உள்ளவர்கள்தான் அதில் கால் வைப்பார்கள். கேட்டுவிட்டால் இவரும் திருப்பி அவர் வீட்டைக் கேட்டாக வேண்டும், இல்லாவிட்டால் மூஞ்சியில் கதவைச் சாத்தியது போல.

வெளியே கிளம்பியவரைப் பார்த்து ‘எங்கே’ என்று மட்டும் கேட்கவே கூடாது. கேட்டால் போகிற காரியம் விளங்காது. “தூரமா?” என்று கேட்கலாம். தெரியாத்தனமாக எங்கே என்று கேட்டுவிட்டால், கிளம்பியவர் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். சித்தப்பா செய்யாறுக்குக் கிளம்பியபோது “எங்க போற சித்தப்பா?” என்று கேட்டு நான் முதுகில் வாங்கியிருக்கிறேன்.

அந்தப் பெரியவர் என் அம்மாவைப் பெற்றவர். எனக்கு அது அப்போது தெரியாது. யாரும் சொல்லவில்லை. அம்மா வீட்டை எதிர்த்து அப்பாவோடு வந்த அன்று, “உன் கையால பச்சத் தண்ணி என் பல்லுல படாது” என்று சொல்லிவிட்டாராம். நான் பிறந்தபோதும் வரவில்லை. தாய்வீட்டுக்குப் போய்ப் பெற வேண்டியவள் சாக்குத் திரைக்குப் பின்னால் என்னைப் பெற்றாள். அதற்கப்புறம் என்றைக்கோ ஒரு காலை அவர் கடைப் பக்கம் வந்து அடுப்பைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அப்பாவும் பதில் சொல்லியிருக்கிறார். அவர் அப்பாவை மாப்பிள்ளை என்றோ தம்பி என்றோ ஒரு சொல்லும் சொன்னதில்லை. அப்பாவும் மாமா என்று சொல்லத் துணிந்ததில்லை. அந்த நேரம் வந்தால் அம்மா திரைக்குப் பின்னால் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிடுவாள். குடை போனதும் மறுபடி தேய்ப்பாள். தேய்க்கிற கை வலிக்கிறது போல என்று நான் நினைத்துக்கொள்வேன்.

எனக்கு ஏழு வயதிருக்கும்போது அம்மா மறுபடி உண்டானாள். இந்தத் தடவை உடம்பு ஒத்துழைக்கவில்லை. எட்டாம் மாதத்தில் கால் இரண்டும் வீங்கி, செருப்பு ஏறவில்லை. மருத்துவச்சி வந்து பார்த்துவிட்டு, “பொம்பள தொண இல்லாம இத நான் எடுக்க மாட்டேன். உங்கம்மா வூடு இதே ஊர்ல தானே கீது?” என்றாள். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். தாய்வீட்டுக்குப் போனால் பிழைப்பேன் என்று அவள் நம்பினாள். கூப்பிடாமல் போகவும் முடியாது. கூப்பிட வேண்டியவரோ தினமும் அடுப்பைப் பற்றிக் கேட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்.

ஒரு நாள் காலை பெரியவர் வந்தார். அடுப்பைக் கேட்டார். அப்பா பற்றிக்கொண்டது என்றார். குடை நகரவில்லை. பெரியவர் நின்றார். பனியில் நின்றுகொண்டு, அடுப்பைப் பார்த்தபடியே கேட்டார்.

“வூட்ல எல்லாம் சௌக்கியமா?”

அப்பா ஆற்றிக்கொண்டிருந்த டீ கிளாசுக்கு வெளியே கொட்டியது. வாய் மட்டும் பழகிய வாய். ஒரு நாளைக்கு எத்தனை பேருக்குச் சொல்கிற வாய்!

“சௌக்கியம்ங்க. எல்லாம் நல்லா கீறோம்.”

பெரியவர் இன்னும் கொஞ்சம் நின்றார். பிறகு தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

திரை விலகியது. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“யாருங்க நல்லா கீறது? நானா?”

“எல்லாரும் சொல்றதுதானேன்னு...”

“அவரு என்னப் பத்திக் கேட்டாரு. இத்தினி வருசத்துல மொத தடவ என்னப் பத்திக் கேட்டாரு! நல்லா கீறாளாம்னு அனுப்பிட்டீங்க. உங்க வூட்ல சௌக்கியமான்னு திருப்பியாவது கேட்டீங்களா? எங்கம்மா உசுரோட கீறாளான்னு தெரிஞ்சிருக்குமே!”

அப்பா கீழே கொட்டிய டீயைத் துடைத்துக்கொண்டேயிருந்தார். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை, மண்தரை.

மறுநாள் பெரியவர் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. அம்மா சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். “வந்தா நீங்க முந்திகினு பேசுங்க” என்றாள். “இன்னான்னு பேசறது?” என்றார் அப்பா. “சௌக்கியமா மாமான்னு கேளுங்க. அது கூடவா சொல்லிக் குடுக்கணும்?” அப்பா பால் பாத்திரத்தைப் பார்த்து “சௌக்கியமா மாமா, சௌக்கியமா மாமா” என்று முணுமுணுத்துக்கொண்டே கிண்டுவார். நான் சிரிப்பேன். யார் அந்த மாமா என்று எனக்குத் தெரியாதே.

பிறகு ஒரு காலை குடை வந்தது. ஆனால் நடை தளரவில்லை. பெரியவர் தரையைப் பார்த்தபடி கடையைத் தாண்டினார். அடுப்பைப் பற்றிக் கேட்கவில்லை. ஒன்றுமில்லாத அந்தக் கேள்வி இல்லாமல் போனதும் தெருவே வெறிச்சென்று ஆனது போல எனக்கு இருந்தது. உள்ளே அம்மா “போறாருங்க... போறாரு...” என்றாள். அப்பா கையில் கிளாசோடு தெருவுக்கு ஓடினார். படித்து வைத்த பாடமெல்லாம் எங்கே போனதோ, கத்தினார்:

“மாமா! எங்க போறீங்க?”

பாவு நீட்டிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். இழை ஆடவில்லை.

“போச்சுடா! கிளம்பன மனுசன எங்கன்னு கேட்டுட்டான்!” என்றார் ஒருவர்.

“ஊருக்கே டீ ஆத்தறான், ஒரு வார்த்த ஆத்தத் தெரியல பாரு” என்றார் இன்னொருவர்.

எனக்கு விழுந்த அடி இப்போது அப்பாவுக்கு விழும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியவர் திரும்பி நின்றார். வாயைத் திறந்தார், மூடினார். பூனை குறுக்கே போனாலே வீட்டுக்குத் திரும்பிவிடுகிற மனிதர் என்று தெருவில் பேர். பாவுக்குக் கஞ்சி தடவிக்கொண்டிருந்த கிழவி சும்மா இருக்காமல், “இன்னா பெரியவரே பாத்துகினு நிக்கிற? சாஸ்திரம் உனக்குத் தெரியாததா? குந்து, ஒரு வாய் தண்ணி குடி, அப்பறம் கிளம்பு. பெஞ்சு தோ கீது” என்றாள்.

அவர் தெருவின் அந்தக் கோடியைப் பார்த்தார், இந்தக் கோடியைப் பார்த்தார். பிறகு வந்து எங்கள் பெஞ்சின் ஓரத்தில், பிறத்தியார் வீட்டில் உட்காருவது போல, குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

தண்ணீர் எடுக்க அப்பா திரும்புவதற்குள் திரை விலகியது. அம்மா சொம்போடு வந்தாள். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வீங்கின காலை ஒவ்வொன்றாக வைத்து வந்தாள். நீட்டினாள். அவர் சொம்பைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பால் பொங்கி வழிந்தது, யாரும் இறக்கவில்லை.

பிறகு வாங்கினார். அண்ணாந்து ஊற்றிக்கொள்ளவில்லை. வாய் வைத்துக் குடித்தார், அடிவரைக்கும்.

“சௌக்கியம்னு சொன்னானே உம் புருசன்” என்றார்.

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்பா, “தப்பாயிடுச்சு மாமா” என்றார்.

“எட்டுல இட்டுகினு போவக் கூடாது. ஒம்போது பொறந்ததும் வண்டி அனுப்பறேன். உங்கம்மா வரச் சொன்னாள்னு வெச்சிக்க.” என்னை அப்போதுதான் பார்த்தார். “இவளும் வரட்டும்.”

எழுந்து குடையை எடுத்துக்கொண்டு, “வரேன்” என்றார். அதுவரைக்கும் அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. போகும்போது வழக்கமாகப் போகிற பக்கம் போகவில்லை, வந்த வழியே திரும்பிப் போனார். அப்பா கேட்டது பலித்துவிட்டது, அவர் போகிற காரியம் கெட்டே போய்விட்டது என்று நான் அழுதேன். அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு சிரித்தார், அவர் கண்ணிலும் தண்ணீர். பெரியவர்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஒன்பது பிறந்ததும் வண்டி வந்தது. தம்பி அந்த வீட்டில் பிறந்தான், அம்மாவும் பிழைத்தாள். அங்கே இருந்தபோது ஒரு நாள், அம்மாவைப் பெற்ற ஆயாவின் மடியில் படுத்துக்கொண்டு கேட்டேன்: “ஆயா, தாத்தா காலையில குடைய எடுத்துகினு எங்க கட தாண்டி வேலைக்குப் போவாரே, அது எங்க?”

“அந்தப் பக்கம் அவருக்கு இன்னாடி வேல? உங்க கடயத் தாண்டினா ஒரு புளியமரம், அதுக்கு அப்பால காடு. மரத்தத் தொட்டுட்டு பின் தெரு வழியா வூட்டுக்கு வந்துடுவாரு. நம்ம தறி, நூல் கடை, கோயிலு எல்லாம் இந்தப் பக்கம்.”

பைத்தியக்காரத் தாத்தா, புளியமரத்தைத் தொட எதற்குக் குடை என்று சிரித்துக்கொண்டே தூங்கிப்போனேன். எங்கே போகிறீர்கள் என்று கேட்டபோது அவர் ஏன் வாயைத் திறந்து மூடினார் என்பது விளங்க எனக்கே பிள்ளைகள் பிறக்க வேண்டியிருந்தது. சொல்வதற்கு அவரிடம் ஓர் இடமும் இல்லை. அவர் போய்ச் சேர வேண்டிய இடத்திலிருந்துதான் அந்தக் கேள்வி வந்தது.

சரி கண்ணு, எழுதினது போதும். முதலிலிருந்து ஒரு தடவை படித்துக் காட்டு. நிதானமாகப் படி. எங்கப்பா தெருவில் கத்துகிற இடத்தை மட்டும் நன்றாகச் சத்தம் போட்டுப் படி.