ஏழாம் எண்ணுக்கு இரண்டாவது பச்சை

கஸ்தூரி பெக்கோக்கிலிருந்து கிளம்பியது மார்ச் மாதத்து இரண்டாம் சனிக்கிழமை, காலை பதினோரு மணிக்கு. கணவன் வசந்தன் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"விசில் எடுத்தியா? கார்டு?"

"எல்லாம் எடுத்தாச்சு."

"மஞ்சள் கார்டையும் எடுத்தியா? அதையும் கொஞ்சம் காட்டு. பாவம், பாக்கெட்லயே கிடந்து வாடுது."

அவள் முறைத்தாள். அவன் சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினான். இரண்டு மணி நேரப் பயணம் முழுக்க அந்தக் கேலியும் கூடவே வந்தது.

வார நாட்களில் அவள் எண்ணெய்ப்பனை ஆலையின் ஆய்வுக்கூடத்தில் மாதிரி எண்ணெயைச் சோதிப்பவள். சனி, ஞாயிறுகளில் ஹாக்கி நடுவர். பதினோரு வருடமாக மலேசியாவின் ஜோகூர் மாநிலத்து எல்லா மைதானத்திலும் ஊதியிருக்கிறாள். ஆட்டக்காரிகள் அவளுக்கு வைத்திருந்த பெயர் 'பச்சை அக்கா'. பச்சை அட்டை காட்டினால் இரண்டு நிமிடம் நாற்காலியில் உட்கார வேண்டும், அவ்வளவுதான். மஞ்சள் என்றால் குறைந்தது ஐந்து நிமிடம்; உடம்பில் அடிபடும்படி முரட்டுத்தனம் செய்தால் நடுவர் பத்தும் கொடுக்கலாம். சிவப்பு என்றால் அந்த ஆட்டமே முடிந்தது. எதுவானாலும் அந்த நேரம் முழுக்க அணி ஓர் ஆள் குறைந்துதான் ஆட வேண்டும். கஸ்தூரியின் கை பச்சைக்கு மேல் போனது மிக அரிது. சிவப்பை அவள் ஒருமுறைகூட வெளியே எடுத்ததில்லை.

அதற்கான விலையும் கொடுத்திருந்தாள். தேசிய நடுவர் பட்டியலுக்கு இரண்டு முறை அவளை மதிப்பிட்டார்கள். இரண்டு முறையும் அறிக்கையில் ஒரே வரி: 'பச்சையோடு நின்றுவிடுகிறார்.' மூன்றாவது முறை இன்றைக்கு. வயது முப்பத்தெட்டு. இதற்கு மேல் கூப்பிட மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

ஜோகூர் பாரு மைதானத்தில் மழை அப்போதுதான் விட்டிருந்தது. மாநில மகளிர் லீக்கின் கடைசிச் சுற்று. உலு திராம் அணி ஜெயித்தால்தான் இறுதிப் போட்டிக்குப் போகும். எதிரணியான கோத்தா திங்கிக்குச் சமன் செய்தாலே போதும். மாடத்தின் மூன்றாவது வரிசையில் மதிப்பீட்டாளர் புஷ்பவள்ளி, மடியில் அட்டைப் பலகையோடு தனியாக உட்கார்ந்திருந்தார்.

"ஏய், இன்னிக்குப் பச்சை அக்காடி!" என்று உலு திராம் பெஞ்சிலிருந்து ஒரு குரல். "ஜாலிதான் லா."

கூட நடுவராக நின்றவன் அஹ்னாஃப், கோத்தா ராயாவில் அப்பாவின் சாப்பாட்டுக் கடையைப் பார்த்துக்கொள்ளும் இருபத்தாறு வயதுக்காரன். இருவர் காதிலும் சின்ன ரேடியோ. ஆளுக்குப் பாதி மைதானம்.

முதல் கால்பகுதியில் அவன் பக்கம் விசில் கேட்டது. உலு திராமின் கேப்டன், ஏழாம் எண் லோஷினி, எதிரணி ஃப்ரீ ஹிட் அடிக்கும்போது ஐந்து மீட்டர் தள்ளி நிற்காமல் பந்தைத் தட்டிவிட்டிருந்தாள். அஹ்னாஃப் பச்சை காட்டினான். கஸ்தூரி தன் இடது மணிக்கட்டில் ஒட்டியிருந்த வெள்ளைப் பட்டையில் குறித்துக்கொண்டாள்: '7, பச்சை, 5 மீ.'

மூன்றாம் கால்பகுதியில் லோஷினியே ஒரு கோல் போட்டாள். ஒன்றுக்குப் பூஜ்யம். அதன் பிறகு ஆட்டம் சூடேறியது. கடைசிக் கால்பகுதியில், கடிகாரத்தில் நான்கு நிமிடம் பத்து விநாடி மிச்சமிருக்கையில், கஸ்தூரியின் பக்கத்தில் கோத்தா திங்கிக்கு ஒரு ஃப்ரீ ஹிட். அடிக்கப் போன பெண்ணின் முன்னால் லோஷினி ஓடி வந்து நின்று, பந்தை வெளியே தட்டினாள்.

கஸ்தூரி ஊதினாள். கை தானாகப் பைக்குள் போனது. அட்டைகளைப் பார்க்க வேண்டியதில்லை. பச்சை முக்கோணம், மஞ்சள் சதுரம், சிவப்பு வட்டம். விரலுக்கு முக்கோணத்தின் முனை தட்டுப்பட்டது. எடுத்துக் காட்டிவிட்டாள்.

லோஷினி தோளைக் குலுக்கிவிட்டு நாற்காலியை நோக்கி நடந்தாள். இரண்டு நிமிடம். கடைசி இரண்டு நிமிடத்துக்குத் திரும்பி வந்துவிடலாம்.

குறித்துக்கொள்ள மணிக்கட்டைத் திருப்பினாள் கஸ்தூரி. பழைய எழுத்து அங்கேயே இருந்தது. 7, பச்சை, 5 மீ.

ஒரே ஆளுக்கு இரண்டு பச்சை காட்டலாம், தவறு வேறு வேறாக இருந்தால். அதே தவறை மறுபடி செய்தவளுக்கு அதே அட்டையைக் காட்டக் கூடாது. அடுத்ததற்குத்தான் போக வேண்டும்.

காதில் அஹ்னாஃபின் குரல். "அக்கா. ஏழு."

"தெரியுது."

"யாரும் கவனிக்கல. நான் முதல்ல கொடுத்த பச்சை எங்கிட்ட வாக்குவாதம் பண்ணதுக்குன்னு ரிப்போர்ட்ல எழுதிடறேன். வேற தப்பு ஆயிடும். மேலே பாக்காதீங்க. ஆட்டத்தை விடுங்க."

அவள் மேலே பார்க்கவில்லை. பார்க்காமலே புஷ்பவள்ளியின் அட்டைப் பலகை தெரிந்தது. விட்டுவிட்டால் ஒருவேளை நல்ல அறிக்கை. மாற்றினால், எல்லார் கண்ணெதிரிலும் 'நான் தப்புப் பண்ணிட்டேன்' என்று அறிவித்த மாதிரி. ஃப்ரீ ஹிட் அடித்துவிட்டால் அதன் பிறகு எதையும் தொட முடியாது. கோத்தா திங்கிப் பெண் பந்தை வைத்துவிட்டாள்.

கஸ்தூரி விசிலை ஊதி, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காக உயர்த்தினாள். கடிகாரம் நின்றது.

"ஏழு! இங்க வா."

லோஷினி பாதி வழியிலிருந்து திரும்பினாள். "என்னக்கா?"

"முதல் பச்சையும் இதே தப்புக்குத்தான். ரெண்டாவது பச்சை காட்டினது என் தப்பு." சதுரத்தை எடுத்து உயர்த்தினாள். "மஞ்சள். அஞ்சு நிமிஷம்."

"அலமாக்! பச்சைன்னு காட்டுனீங்கல்ல? எல்லாரும் பாத்தாங்க! நாலு நிமிஷம்தானே இருக்கு, நான் எப்பத் திரும்பி வர்றது?"

"போய் உக்காரு, லோஷினி."

எல்லைக் கோட்டிலிருந்து பயிற்சியாளர் ஜெயபாலன் கத்தினார். "என்னங்க இது, டிராஃபிக் லைட்டா? பச்சை போட்டு உடனே மஞ்சள் போடுறீங்க! பதினோரு வருஷமா என்னத்த ஊதுறீங்க?"

மாடத்தில் ஊளைச் சத்தம். கஸ்தூரியின் காது மடல் கொதித்தது. மேசை அதிகாரியிடம் காரணத்தைச் சொல்லிவிட்டு ஆட்டத்தைத் தொடங்கினாள்.

பத்துப் பேர் மூன்று நிமிடம் தாக்குப் பிடித்தார்கள். ஐம்பது விநாடி இருக்கையில் அரைவட்டத்துக்குள் பந்து உலு திராம் தடுப்பாட்டக்காரி ஒருத்தியின் காலில் பட்டது. கோத்தா திங்கிக்குப் பெனால்டி கார்னர். வழக்கமாக முதல் ஆளாகப் பாய்ந்து ஓடித் தடுப்பவள் லோஷினி. இப்போது அவள் நாற்காலியில். அவளுக்குப் பதில் ஓடிய பெண் அரை அடி தாமதம். அந்த அரை அடிக்குள் பந்து வலையின் மேல் மூலைக்குப் போய்விட்டது.

ஒன்றுக்கு ஒன்று. மிச்ச விநாடிகளில் எதுவும் மாறவில்லை. ஹார்ன் அடித்தது; இறுதிப் போட்டிக்குப் போவது கோத்தா திங்கி.

லோஷினி நாற்காலியை விட்டு எழவில்லை. முகத்தை ஜெர்சிக்குள் புதைத்துக்கொண்டிருந்தாள். தாண்டிப் போன கஸ்தூரியிடம், தலை தூக்காமலே, "இவ்வளவு நாள் பச்சை அக்காவா இருந்துட்டு இன்னிக்குத்தான் மாறணுமா உங்களுக்கு?" என்றாள்.

கஸ்தூரி நடுவர் அறையை நோக்கி நடந்தாள்.

நடுவர் அறையில் அஹ்னாஃப் படிவத்தை நீட்டினான். "இன்னும் எழுதல அக்கா. சொல்லுங்க."

"நடந்ததை எழுது."

அவன் எழுதி முடிப்பதற்குள் புஷ்பவள்ளி உள்ளே வந்தார். வாழ்த்தும் இல்லை, கண்டிப்பும் இல்லை. "திருத்தினது சரி. ஆனா திருத்துற நிலைமை வந்திருக்கக் கூடாது. அதையும் எழுதித்தான் ஆகணும் கஸ்தூரி."

"எழுதுங்க, மேடம்."

ஏப்ரலில் பட்டியல் வந்தது. அதில் அஹ்னாஃபின் பெயர் இருந்தது; அவளுடையது இல்லை. வசந்தன் அன்று எந்தக் கேலியும் செய்யவில்லை. அது கேலியைவிடக் கஷ்டமாக இருந்தது. ஒரு மாதம் விசிலைத் தொடாமல் இருந்தாள். பிறகு சிகாமட்டில் பதினாறு வயதுக்கு உட்பட்டோர் ஆட்டத்துக்கு ஆள் இல்லை என்று கூப்பிட்டார்கள், போனாள். அங்கே ஒரு பையனுக்கு முதல் கால்பகுதியிலேயே மஞ்சள் காட்டினாள்.

அடுத்த வருடம் ஆகஸ்டில், ஆலையில் மதிய இடைவேளையின்போது, கைப்பேசியில் அஹ்னாஃபின் செய்தி வந்தது.

'அக்கா, ஈப்போல இருக்கேன். மேட்ச் இப்பத்தான் முடிஞ்சது. ஒருத்தன் அதே தப்பை ரெண்டாவது தடவை பண்ணதுக்கும் பச்சையே காட்டிட்டேன். கூட ஊதுனவர் வேற காரணம் எழுதிக்கலாம்னார். வேணாம்னு நிறுத்தி மஞ்சளுக்கு மாத்திட்டேன். அவங்க தோத்துட்டாங்க. வெளிய என் கார் பக்கத்துல அவங்க ஆளுங்க பத்துப் பேர் நிக்கிறாங்க. நீங்க அன்னிக்கு எப்படி வீட்டுக்குப் போனீங்க?'